நான் எழுதச் சொல்லிக்கொடுத்த பயோடேட்டாவைக் கிழித்துப் போடுங்கள்

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் என் உறவினர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பதிவு நீளம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம். ஆனால் சொந்தமாக டிசைன் வேலை செய்யும் பிள்ளைகள் இன்றைக்கே படித்துவிடுங்கள். உங்களைத் திட்டத்தான் போகிறேன். அதற்கு முன்னால் என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, கூடவே பயோடேட்டா இணைக்கச் சொல்லி ஒரு கேள்வி வரும். உங்களில் பாதிப் பேர் அந்தக் கேள்வியால்தான் பாஸ் ஆனீர்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, மதிப்பெண் சதவீதம், தெரிந்த மொழிகள், கடைசியில் "வாய்ப்பளித்தால் உண்மையாக உழைப்பேன்" என்று ஒரு உறுதிமொழி. முப்பத்தோரு வருடம் அதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நீங்கள் அதை மறக்கவே இல்லை. உங்கள் லிங்க்ட்இன் பக்கங்களைப் பார்க்கும்போது என் கரும்பலகைதான் தெரிகிறது.

சம்பள வேலைக்குப் போகிறவன் அப்படி எழுதட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கம்பெனியை விட்டு வெளியே வந்து, சொந்தமாக ஃப்ரீலான்ஸ் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அதே விண்ணப்பத்தை ஊருக்கு நடுவில் தொங்கவிடுகிறீர்களே, அதுதான் என் சண்டை.

என் தம்பி மகள் விஷயத்தைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க பெரியப்பா" என்றாள். போடவில்லை.

விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள். சென்னையில் பேக்கேஜிங் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டாள். வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை. உணவுப் பொருள் பாக்கெட்டுகளை வடிவமைப்பது அவள் தொழில். மசாலா பவுச், எண்ணெய் பாட்டில் லேபிள், சத்துமாவு டப்பா. கை சுத்தமான கை. இரண்டு வருடம் ஆகியும் நேராக வந்த வாடிக்கையாளர் என்று அவளுக்கு இருந்தவர் மூன்றே பேர். மற்றதெல்லாம் சென்னை ஏஜென்சி ஒன்றிலிருந்து வரும் கூலி வேலை. ஒருநாள் அவர்கள் அனுப்பிய மெயிலின் அடியில், தவறுதலாக, வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் பவுச்சுக்கு அவர்கள் வாங்கியது 22,000 ரூபாய். முழு வேலையையும் செய்தவளுக்குக் கொடுத்தது 4,000.

அன்றைக்கு அவள் அழவில்லை. "எனக்கு வேலை தெரியும் பெரியப்பா, ஆனா யாருக்கும் என்னைத் தெரியல" என்று மட்டும் சொன்னாள். நானும் உச்சுக்கொட்டிவிட்டு, என்ன செய்தேன் தெரியுமா? நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் போட்டேன்: "என் தம்பி மகள், நல்ல ஒழுக்கமான பெண், டிசைனர், ஏதாவது வேலை இருந்தால் சொல்லவும்." உறவுக்காரர்கள் அதை இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பினீர்கள். வந்ததெல்லாம் ஃபிளெக்ஸ் போர்டு கடையில் 12,000 சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்ற தகவல்தான்.

எனக்குப் புத்தி வந்தது அடுத்த மாதம். என்னிடம் தொண்ணூறுகளில் படித்த ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். இப்போது மசாலா மில் வைத்திருக்கிறார். நாலு வகைப் பொடி போகிறது, ஆறாக்கப் போகிறேன், பாக்கெட் எல்லாம் மாற்ற வேண்டும் சார், நல்ல டிசைனர் கிடைக்கவில்லை என்றார். தெய்வமே வாசலில் வந்து நின்றது போல எனக்கு இருந்தது. "என் தம்பி மகளே டிசைனர்தானப்பா" என்று அவள் லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார், மேலே கீழே தள்ளினார். "நல்ல பொண்ணு சார், சீக்கிரம் நல்ல எடத்துல வேலை கெடைச்சிரும்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்தார்.

கல்யாணம் முடிந்த பிறகு அவரைப் பிடித்துக் கேட்டேன். மரியாதைக்காக முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும் சொன்னார்.

"சார், நான் டிசைனர் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க வேலை தேடுற பொண்ணைக் காட்டுனீங்க. போட்டோவைச் சுத்தி பச்சையா வளையம், அதுல வேலைக்குத் தயார்னு இருக்கு. நாளைக்கே ஒரு கம்பெனியில வேலை கெடைச்சா, என் வேலையைப் பாதியில விட்டுட்டுத்தானே போகும்? சிலிண்டர் அடிச்ச பிறகு ஒரு திருத்தம்னா நான் யார்கிட்ட சார் போவேன்?"

பிள்ளைகளே, இந்தப் பேச்சை இரண்டு தடவை படியுங்கள். அவள் திறமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கே அவர் வந்து சேரவில்லை. "Open to work" என்ற அந்தப் பச்சை வளையத்தை, ஆள் எடுக்கிறவர்களுக்குச் சொல்லும் சேதி என்று நினைத்து நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். வியாபாரி அதை "இவர் நிலையாக இருக்க மாட்டார்" என்று வாசிக்கிறார். கடை திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் "கடைக்காரருக்கு வேறு வேலை தேவை" என்று போர்டு மாட்டினால் உள்ளே யார் வந்து சாமான் வாங்குவார்?

கம்பெனிக்காரன் ஒரு பக்கத்தைத் திறந்தால் "இந்த ஆளுக்கு என்னென்ன தெரியும், எத்தனை வருட அனுபவம், எப்போது சேர முடியும்" என்று பார்க்கிறான். அவன் வாங்குவது ஆளை. மசாலா மில்காரர் அதே பக்கத்தைத் திறந்தால் "என் மாதிரி ஆளுக்கு இவர் செய்திருக்கிறாரா, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும், தப்பாகிவிட்டால் என்ன கதி" என்று பார்க்கிறார். அவர் வாங்குவது வேலை முடிந்த பாக்கெட்டை. முதல் ஆளுக்கு எழுதிய பதிலை இரண்டாவது ஆளிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? காப்பி குடித்துவிட்டுப் போவார்.

ஏஜென்சிகள் மட்டும் ஏன் அவளைத் தேடி வந்தன என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆளாக உங்களை நீங்களே காட்டிக்கொண்டால், ஆளை மலிவாக வாங்கி வேலையை விலைக்கு விற்கிறவன்தான் வருவான். அவன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. உங்கள் பக்கம் அவனுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சரி, அவளும் நானும் உட்கார்ந்து என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. எனக்கு டிசைன் தெரியாது. வாக்கியம் தெரியும். அவளுக்கு இரண்டும் தெரியும், ஆனால் என்னிடம் படித்த தோஷம் இருந்தது.

முதலில் வளையம். லிங்க்ட்இன் பக்கத்தில் அந்த "Open to work" பெட்டியில் பென்சில் குறியைத் தொட்டால் உள்ளே "Delete from profile" இருக்கும். அதை அழுத்தினால் போய்விடும். அதே இடத்தில் "Providing services" என்று இன்னொன்று இருக்கிறது. அதில்தான் நீங்கள் செய்து தரும் வேலைகளைக் குறிக்க வேண்டும். ஒன்று வேலைக்கார வாசல், மற்றது வியாபார வாசல். இத்தனை பக்கத்தில் இரண்டு வாசலையும் வைத்திருந்தும் நம் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் வாசலில்தான் போய் நிற்கிறார்கள். (தொண்ணூறு என்பது என் வயிற்றெரிச்சல் கணக்கு. எண்ணிப் பார்த்ததில்லை.)

அடுத்தது பெயருக்குக் கீழே வரும் வரி. அவளுடையது இப்படி இருந்தது: கிராஃபிக் டிசைனர், இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப், ஃபிக்மா, புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன். இந்த வரிக்கு 220 எழுத்து இடம் கொடுக்கிறார்கள். தேடல் முடிவிலும், நீங்கள் எங்காவது கருத்து எழுதினால் அதன் பக்கத்திலும், இந்த வரியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். அவளுக்கு அங்கே தெரிந்தது சாஃப்ட்வேர் பெயர்கள். தச்சர் வீட்டு வாசலில் உளி, இழைப்புளி, ரம்பம் என்று எழுதிப் போடுவாரா? கதவு, ஜன்னல், கட்டில் என்றுதானே எழுதுவார்? இப்போது அந்த வரி ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் சொன்னால் இது: "மசாலா, எண்ணெய், சிறுதானியம் விற்கும் சிறு நிறுவனங்களுக்கு பாக்கெட் வடிவமைப்பு, அச்சகத்துக்குப் போகும் ஃபைல் வரை." கடைசித் துண்டுதான் முக்கியம். அழகான படத்தை மட்டும் கொடுத்துவிட்டு அச்சகத்தில் மாட்டிக்கொள்ள விடமாட்டாள் என்பது அதில் இருக்கிறது. மில்காரருக்கு அது ஒரே வாசிப்பில் புரியும்.

பட்டம் வாங்கும் கறுப்பு அங்கிப் படத்தை எடுத்தோம். அவள் அம்மாவுக்கு வருத்தம். பின்னால் காலியாகக் கிடந்த நீளப் படத்தின் இடத்தில், கடை ரேக்கில் அவள் செய்த பவுச்சுகள் தொங்குவதை அவளே போனில் எடுத்த படம் வந்தது. பளிங்கு மேசையில் பவுச் மிதப்பது போன்ற கம்ப்யூட்டர் படங்களைவிட அது மங்கல்தான். ஆனால் அதில் விலைச்சீட்டு இருக்கிறது, தூசி இருக்கிறது, பக்கத்தில் வேறு கம்பெனிச் சரக்கு இருக்கிறது. வியாபாரி தன் சரக்கைப் பார்க்கும் இடம் அதுதான்.

இனி நான் அதிகநேரம் பேச விரும்பும் இடம் வருகிறது. பக்கத்தின் நடுவில் "Featured" என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் சிறந்த வேலையை முன்னால் எடுத்து வைக்கும் ஷோகேஸ் மாதிரி. அவள் அதில் பதினெட்டுப் படம் போட்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, லோகோ, பொங்கல் வாழ்த்து, டீ-ஷர்ட், நடுவில் நாலு பவுச். ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த சாஃப்ட்வேரில் செய்தது என்ற குறிப்பு. பதினேழை எடுக்கச் சொன்னேன். சண்டை போட்டாள். மூன்றை வைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசி, ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்றை முழுதாகச் சொல்லும்படி எழுதினோம்.

அது ஒரு சின்ன குடும்ப மில்லின் வேலை. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, மஞ்சள் பொடி என்று மூன்று வகை. பழைய பாக்கெட்டுகள் மூன்றுமே ஒரே ஆரஞ்சு. வகையின் பெயர் அடிப்பக்கம் இருந்தது. நிற்கிற பவுச்சில் அடிப்பக்கம் மடிந்து உப்பிக்கொள்ளும், ரேக்கில் முன்வரிசைப் பவுச் அதை மறைத்துவிடும். கடைக்காரர் மல்லி கேட்டவருக்கு மிளகாயை எடுத்துக் கொடுத்தார், அது திரும்பி வந்தது. போதாக்குறைக்கு எம்.ஆர்.பி.யைப் பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். மிளகாய் விலை ஏறியதும் மிச்சமிருந்த பாக்கெட்டெல்லாம் வீண்.

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த கதை. ஆனால் பக்கத்தில் இருந்ததோ "மசாலா பேக்கேஜிங், இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப்" என்ற ஒரு வரி. கதையைக் கேட்டதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "இவ்வளவையும் வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு வாய்ப்பு தேடுறேன்னு எழுதியிருக்கியே அம்மா" என்றேன்.

அவள் செய்த திருத்தத்தைக் கேளுங்கள். வகையின் பெயரை மேல்பாகத்துக்குக் கொண்டுவந்து, குறுக்கே ஒரு அகலமான நிறப்பட்டையில் வைத்தாள். மிளகாய்க்குச் சிவப்பு, மல்லிக்குப் பழுப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். இதை எந்த டிசைனரும் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததுதான் காசு. பவுச் ஃபிலிமை கிராவூர் முறையில் அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். முதலில் போகும் பெரிய செலவு அதுதான். பழைய டிசைனில் வகைக்கு ஆறு நிறம், புகைப்படத்தோடு. மூன்று வகைக்குப் பதினெட்டு சிலிண்டர். புதிதில் வெள்ளை, இளமஞ்சள், பச்சை, பட்டை நிறம், கறுப்பு என்று ஐந்தே நிறம். வகைக்கு வகை மாறும் எல்லாவற்றையும், பெயர், சேர்மானப் பட்டியல், சத்து அட்டவணை, மிளகாய் படம் மல்லி படம் உட்பட, கோட்டோவியமாக்கிக் கறுப்பு ஒன்றுக்குள்ளேயே அடைத்துவிட்டாள். ஆகவே வகை மாறினால் கறுப்புச் சிலிண்டர் மட்டும் மாறும். பட்டைக்கு அதே சிலிண்டர்தான், மையை மாற்றி ஊற்றினால் போதும். நாலு பொதுச் சிலிண்டர், மூன்று கறுப்பு, ஆக ஏழு. சைவக் குறிக்குப் பச்சை கட்டாயம் வேண்டும் அல்லவா? நிறுவனத்தின் பெயரையே பச்சையில் வைத்துவிட்டதால் அதற்கென்று தனியாக ஒன்று செய்ய வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் ஒரு காலிக் கட்டம் விட்டாள். பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, எம்.ஆர்.பி. மூன்றையும் மில்லிலேயே இங்க்ஜெட் மெஷினில் அடித்துக்கொள்ளலாம். விலை மாறினாலும் பாக்கெட் வீணாகாது.

பதினெட்டு, ஏழு. அந்த இரண்டு எண்ணும் இப்போது அந்தப் படத்தின் முதல் வரியில் இருக்கின்றன. எந்த சாஃப்ட்வேர் என்று எங்கும் இல்லை. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "என் டிசைனால் விற்பனை நாற்பது சதவீதம் கூடியது" என்று எழுதும் வியாதி ஒன்று பரவியிருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மாதம் அவர் விலையைக் குறைத்திருக்கலாம், தீபாவளி வந்திருக்கலாம். வியாபாரம் செய்கிறவருக்கு இது நொடியில் தெரியும், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார். அவள் எழுதியது இரண்டு விஷயம். எண்ணிப் பார்க்கக்கூடிய சிலிண்டர் கணக்கு ஒன்று. மில்காரர் சொன்ன வார்த்தை ஒன்று: "இப்ப கடையில மாத்திக் குடுக்குறது இல்ல." அதை அவர் அனுமதியோடு அப்படியே போட்டாள்.

பழைய கம்பெனியில் செய்த வேலைகளைப் போடலாமா என்று கேட்பீர்கள். அவை அந்தக் கம்பெனியின் சொத்து. எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடாதீர்கள். அவளுக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. அதனால் ஆறு வருடத்தில் எந்த மாதிரிப் பொருட்களுக்கு வேலை செய்தாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, படம் போடாமல் விட்டாள். சொந்த வேலை ஒன்றுகூட இல்லாத பிள்ளை, பக்கத்துத் தெரு எண்ணெய்க்காரருக்குக் கற்பனையாக ஒரு லேபிள் செய்து காட்டலாம். தப்பில்லை. ஆனால் கற்பனை என்று மேலேயே எழுதிவிட வேண்டும்.

பிறகு "About" பகுதி. அது நீளமாக எழுதும் இடம்தான், ஆனால் முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மற்றது தொட்டால்தான் விரியும். அவளுடைய முதல் வரி: "நான் ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட, எதையும் விரைவில் கற்றுக்கொள்ளும் வடிவமைப்பாளர்." இது என்னுடைய வாக்கியம்! நான் கரும்பலகையில் எழுதியது! வெட்கமாக இருந்தது. சீக்கிரம் கற்றுக்கொள்கிறேன் என்று மில்காரரிடம் சொன்னால், "என் காசில் கற்றுக்கொள்ளப் போகிறாயா" என்றுதானே கேட்பார்?

இப்போது அங்கே அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. ஒரு பவுச் வடிவமைப்பு 18,000 ரூபாயில் தொடங்கும், அதே வரிசையில் அடுத்த ஒவ்வொரு வகைக்கும் 5,000. மூன்று வாரம். பாதிப் பணம் முன்னால். இரண்டு முறை திருத்தம் அதற்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். அச்சகம் அனுப்பும் முதல் மாதிரியை அவளே பார்த்துச் சரிசெய்து தருவாள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், சைவக் குறி, நிகர எடை இவையெல்லாம் பாக்கெட்டில் இருக்கின்றனவா என்று பட்டியல் வைத்துச் சரிபார்ப்பாள். ஆனால் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி எழுதும் விவரங்களுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். அந்த வரியை எடுத்துவிடலாமா, பயந்துவிடுவார்களோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பொறுப்பு எங்கே முடிகிறது என்று சொல்கிறவளைத்தான் பொறுப்பானவள் என்று நம்புவார்கள்.

விலை போடுவதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம். போட்டால் ஓடிவிடுவார்கள் என்றாள். ஓடுகிறவர்கள் ஓடட்டும். விலை இல்லாத பக்கத்தைப் பார்க்கும் சிறு வியாபாரி இரண்டில் ஒன்று நினைக்கிறார்: ரொம்ப அதிகமாக இருக்கும், அல்லது இது சம்பளத்துக்கு வருகிற ஆள். இரண்டுமே நமக்குக் கெடுதல். "தொடங்கும்" என்ற ஒரு சொல் பேச இடம் வைக்கிறது.

கடைசியாக, அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது. "தொடர்புகொள்ளவும்" என்று மொட்டையாக இருந்தது. இப்போது: "உங்கள் பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படமெடுத்து அனுப்புங்கள். அச்சுக்கு முன் என்ன மாற்றலாம் என்று சொல்கிறேன்." ஒரு மில்காரருக்கு மெயில் எழுதுவது பெரிய வேலை. பாக்கெட்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது அரை நிமிட வேலை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அவள் பக்கத்தில் நான்கு பரிந்துரை இருந்தது. மூன்று பழைய மேலாளர்கள் எழுதியவை: நேரம் தவறாதவர், குழுவோடு ஒத்துப்போகிறவர். நான்காவது அடியேன் எழுதியது: பணிவும் ஒழுக்கமும் உள்ளவர், எந்த நிறுவனத்துக்கும் சொத்தாக விளங்குவார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் யோசித்து எழுதினேன். அதை மறைத்துவிடச் சொன்னதும் நான்தான். மூன்று வாடிக்கையாளர்களிடமும் நேரில் போய், "நல்லா பண்ணுச்சு" என்று பொதுவாக இல்லாமல், வேலைக்கு முன்னால் என்ன தொந்தரவு இருந்தது, பிறகு என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதி வாங்கினாள். ஒருவர் தமிழிலேயே எழுதினார். அப்படியே இருக்கிறது.

"ஆனால் சார், எனக்கு வேலையும் வேண்டும்" என்று சிலர் கேட்பீர்கள். வேண்டுமென்றால் தேடுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அந்த "Open to work" அமைப்பிலேயே ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வழி இருக்கிறது. அதை வைத்தால் பச்சை வளையம் வராது. பயோடேட்டாவைத் தனி ஃபைலாக வைத்து, கேட்கிறவருக்கு அனுப்புங்கள். ஊருக்குக் காட்டும் பக்கத்தில் ஒரே ஆளாக இருங்கள்.

"மசாலா பாக்கெட் என்று மட்டும் போட்டால் மற்ற வேலை போய்விடாதா?" போகாது. அவளுக்கு இன்றும் கல்யாணப் பத்திரிகை வேலை வருகிறது. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களாகவே வருகிறார்கள். தெரியாதவருக்குத்தான் ஒரு காரணம் தேவை.

பக்கம் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை விடுங்கள். வந்த செய்திகளின் முதல் வரியைப் படியுங்கள். "ரெஸ்யூம் அனுப்பவும், இப்போதைய சம்பளம் என்ன, எப்போது சேர முடியும்" என்று இருந்தால் உங்கள் பக்கம் இன்னும் விண்ணப்பம்தான். "எங்களிடம் ஐந்து வகை இருக்கிறது, எவ்வளவு ஆகும்" என்று இருந்தால் கடை திறந்துவிட்டது. அதற்கும் முன்னால் செய்யக்கூடிய சோதனை ஒன்று: தெருமுனைக் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துப் பத்து எண்ணிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பெண் யாருக்கு என்ன செய்து தருகிறாள் என்று கேளுங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் முதல் தடவை "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு" என்றார். மூன்றாவது ஞாயிறு "மசாலா பாக்கெட் போடுற பொண்ணு, பதினெட்டாயிரம் சொல்லுதே" என்றார். விலை அதிகம் என்று அவருக்கு அபிப்பிராயம். எனக்கு அது போதும்.

பக்கத்தை மாற்றியதும் வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. பக்கம் தானாக யாரையும் கூட்டி வராது. வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்கும், அவ்வளவுதான். அவள் தானே இருபது சின்ன மில்களுக்கு, ஒவ்வொருவருடைய பாக்கெட்டையும் கடையில் வாங்கிப் பார்த்து, அதில் ஒரு குறையைச் சொல்லி எழுதினாள். ஏழு பேர் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், மூன்று பேர் பதில் போட்டார்கள், ஒருவர் வேலை கொடுத்தார். ஆறு மாதத்தில் நேர் வாடிக்கையாளர் மூன்று பேர் எட்டு பேர் ஆனார்கள். ஏஜென்சிக்கு இப்போதும் செய்கிறாள், ஆனால் 4,000-க்கு இல்லை.

உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவளைப் பார்க்கும்போது "வேலை கெடைச்சிருச்சா" என்று கேட்பதை நிறுத்துங்கள். நான் அந்தக் குழுவில் போட்ட செய்தியை யாராவது இன்னும் வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பொடியோ மாவோ எண்ணெயோ பாக்கெட் போட்டு விற்றால், பாக்கெட்டை இரண்டு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

அந்த மசாலா மில் மாணவர் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். சிலிண்டரும் அடித்தாகிவிட்டது, எத்தனை என்று நான் கேட்கவில்லை. ரசப்பொடி, சாம்பார்ப்பொடி இரண்டும் சித்திரைக்குப் பிறகுதானாம். போன வாரம் போன் செய்து, "சார், அந்தப் பொண்ணு நம்பர் குடுங்க, அது பக்கத்துல ஏழு சிலிண்டர்னு ஏதோ போட்டிருக்கே" என்றார்.

நம்பரைக் கொடுத்துவிட்டேன்.